தனி ஆர்டர் அலமாரிக்கு விலைப்புள்ளி எழுதுவது: முன்பணம், வேலை எல்லை, மாற்றக் கட்டணம்

இழைப்புளி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வாடிக்கையாளர் சொல்லும் அளவுக்கு மரவேலை செய்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். படுக்கையறையில் சுவரிலிருந்து சுவர் வரை நிற்கும் உடை அலமாரி ஒன்றுக்கு இப்போது விலைப்புள்ளி கேட்டிருக்கிறார்கள். அகலம் 2700 மி.மீ., உயரம் 2400, ஆழம் 600. தலா 900 அகலத்தில் மூன்று பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு கதவுகள், 18 மி.மீ. பிளைவுட், மேலே லாமினேட். நான் எழுதி வைத்திருக்கும் வரைவு இதுதான்:

"மேற்கண்ட அளவில் உடை அலமாரி ஒன்று, நல்ல தரமான பிளைவுட், லாமினேட், தேவையான ஃபிட்டிங்குகள் அனைத்துடனும் செய்து பொருத்தித் தரப்படும். மொத்தத் தொகை இவ்வளவு. பாதி முன்பணம், மீதி வேலை முடிந்ததும். மாற்றங்களுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு."

தொகையை இங்கே வெளியிட விரும்பவில்லை. மொத்தத்தை 100 என்று வைத்துக்கொண்டால், பொருள்களுக்கு 55, அளவெடுத்து வரைபடம் போடுவதற்கு 3, பட்டறைக் கூலி 20, ஏற்றிச் சென்று பொருத்துவதற்கு 10, மீதியுள்ள 12 பட்டறைச் செலவும் என் ஆதாயமும். பட்டறை வேலை ஏறக்குறைய 100 மணி நேரம் பிடிக்கும். முன்பணம் எவ்வளவு கேட்கலாம், எதுவரை என் வேலை என்பதை எப்படி எழுதலாம், மாற்றக் கட்டணத்தை இன்னும் தெளிவாகச் சொல்ல முடியுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நேர்க்கோடு

உங்கள் வரைவு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது, சற்றுக் கண்டிப்பு மட்டும் போதவில்லை. பாதி முன்பணம் என்பது எல்லோருக்கும் பழகிப்போன கணக்கு, அதை மாற்றாதீர்கள். அதோடு இரண்டு வரிகளைச் சேர்த்துவிடுங்கள். கொடுத்த முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்பது ஒன்று. கையெழுத்துக்குப் பிறகு கேட்கப்படும் எந்த மாற்றத்துக்கும் இரு மடங்கு விலை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் இருந்தால் வாடிக்கையாளர் நன்றாக யோசித்த பிறகுதான் வாய் திறப்பார்.

செதுக்கல்

விலையைக் கணக்கிடுவது பற்றிக் கேட்கிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன். இதற்கு எளிய வழி முகப்புப் பரப்பளவு. 2.7 மீட்டரை 2.4 மீட்டரால் பெருக்கினால் 6.48 சதுர மீட்டர் வருகிறது. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரே ஒரு விலையைச் சொல்லிவிடலாம். வாடிக்கையாளர் தானே பெருக்கிப் பார்த்துக்கொள்வார், பேரமும் ஒரே எண்ணில் முடிந்துவிடும்.

சட்டகம்

இழைப்புளி அவர்களே, நானும் நெடுங்காலமாக இதே வேலையில் இருப்பவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் முன்பணம். பாதி என்பது பழகிய எண்தான், ஆனால் அது உங்கள் கணக்கோடு பொருந்தவில்லை. நீங்கள் சொன்னபடி பொருள்களுக்கு 55, வரைபடத்துக்கு 3 ஆகிறது. அதாவது பலகையை அறுக்கத் தொடங்கும் முன்பே 58 செலவாகியிருக்கும். கையில் இருப்பதோ 50. மீதி 8 உங்கள் பணம். அதன் பிறகு பட்டறையில் 20 கூலி கொடுக்கிறீர்கள். அலமாரி வண்டியில் ஏறும் நாளில் 78 செலவழித்து 50 பெற்றிருப்பீர்கள். இந்த 28 உங்கள் ஆதாயத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த அறைக்கென்றே அறுத்த பெட்டிகளை வேறு யாரிடமும் விற்க முடியாது. வாடிக்கையாளர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, அவருக்கு வேறொரு அவசரச் செலவு வந்தாலே போதும், உங்கள் பட்டறை நின்றுவிடும்.

ஆகவே விழுக்காட்டை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு செலவைப் பார்க்காதீர்கள். எந்தெந்தக் கட்டத்தில் உங்கள் செலவு திரும்பப் பெற முடியாததாகிறது என்று பாருங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் சற்று முன்பு ஒரு தவணையை வையுங்கள். உங்கள் வேலையில் அப்படிப்பட்ட கட்டங்கள் மூன்று: வரைபடம் தொடங்குவது, லாமினேட்டும் பலகையும் வாங்குவது, பெட்டிகள் பட்டறையை விட்டு வெளியேறுவது. கையெழுத்தின்போது 10, பொருள் வாங்கும் முன் 50, பெட்டிகளை வாடிக்கையாளர் பட்டறையில் வந்து பார்த்த பிறகு, ஏற்றும் முன் 30, பொருத்தி முடித்ததும் 10 என்று வைத்துப் பாருங்கள். பொருள் வாங்கியதும் நீங்கள் பெற்றது 60, செலவு 58. ஏற்றும்போது பெற்றது 90, செலவு 78. எந்தக் கட்டத்திலும் நீங்கள் கடன் கொடுத்தவராக நிற்கவில்லை.

பரப்பளவு விலையைப் பற்றிச் செதுக்கல் சொன்னதற்கும் ஒரு பதில் இருக்கிறது. கேள்வி விலையைக் கணக்கிடுவது பற்றியது அன்று என்றாலும், அவர் சொன்ன முறை மாற்றக் கட்டணத்தை நேரடியாகப் பாதிக்கும். முகப்புப் பரப்புக்கு விலை சொன்னால், கதவுக்குப் பின்னால் என்ன மாறினாலும் பரப்பு மாறுவதில்லை. இரண்டு தட்டுகளை எடுத்துவிட்டு மூன்று டிராயர் வையுங்கள் என்று கேட்பவர், அதே 6.48 சதுர மீட்டர்தானே, எதற்குக் கூடுதல் என்று நியாயமாகவே கேட்பார். அவரிடம் அந்த வாதத்தை எடுத்துக் கொடுத்தது உங்கள் விலைப்புள்ளியாக இருக்கும்.

வாடகைவீடு

நான் தச்சு வேலை அறியாதவன், செய்யச் சொல்லிப் பணம் கொடுக்கும் பக்கத்தில் இருப்பவன். ஒரு பட்டறைக்கு எழுபது விழுக்காடு முன்னதாகவே கொடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு. சட்டகம் அவர்களின் தவணைக் கணக்கில் பட்டறைக்கு எந்த இடரும் இல்லை என்பது உண்மைதான், ஆனால் ஒரு பலகையைக் கூடக் கண்ணால் காணும் முன் நான் 60 கொடுத்திருப்பேன். அந்த இடர் எங்கே போயிற்று? அது அப்படியே என் தலையில் ஏறியிருக்கிறது.

சட்டகம்

நீங்கள் சொல்வது சரி, இடர் மறைந்துவிடாது, கைதான் மாறும். அதைக் குறைக்க இரண்டு வழிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த 50 கிடைத்த பிறகு ஐந்து நாட்களுக்குள் பொருள் வாங்கிய ரசீதின் நகலையும், பட்டறையில் இறங்கிய பலகைகளின் படத்தையும் அனுப்புவதாக விலைப்புள்ளியிலேயே எழுதலாம். அல்லது லாமினேட்டையும் பிளைவுட்டையும் வாடிக்கையாளரே கடையில் நேராகப் பணம் கட்டி வாங்கலாம். இரண்டாவது வழியில் ஒரு சிக்கல் உண்டு. பலகை குறைந்தாலோ, உள்ளடுக்கில் இடைவெளி இருந்து அறுக்கும்போது பிளந்தாலோ, அதற்குப் பொறுப்பு யார் என்பதை எழுதாவிட்டால் பட்டறைக்காரரும் கடைக்காரரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். நான் முதல் வழியையே பின்பற்றுகிறேன். அது எல்லோருக்கும் நிறைவளிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

முன்பணம் திருப்பித் தரப்படாது என்ற வரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொருள் வாங்குவதற்கு முன்னால் வாடிக்கையாளர் பின்வாங்கினால் உங்களுக்கு ஆன செலவு அளவெடுப்பும் வரைபடமும்தான். எந்தக் கட்டத்தில் விலகினால் எதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவீர்கள் என்று எழுதுங்கள். வரைபடம் முடியும் முன் விலகினால் 3 கழித்து 7 திரும்பும். பொருள் வாங்கிய பிறகு விலகினால் அதுவரை ஆன கூலியும் கடை திரும்ப ஏற்காத பொருளின் விலையும் கழியும், அந்தப் பொருள் வாடிக்கையாளருக்குச் சொந்தம். இப்படி எழுதினால் கேட்பவருக்கும் அச்சம் குறைகிறது, உங்களுக்கும் பின்னால் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இழைப்புளி

மிக்க நன்றி, அம்மா. முன்பணத்தைக் கட்டங்களோடு இணைப்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. வேலை எல்லை பற்றியும் சொல்லுங்கள். "செய்து பொருத்தித் தரப்படும்" என்று எழுதியிருக்கிறேன். அதில் எது குறைகிறது?

சட்டகம்

அந்த வரியில் குறைவதைவிட மிகுந்திருப்பதுதான் ஆபத்து. "தேவையான ஃபிட்டிங்குகள் அனைத்தும்" என்கிறீர்கள். எது தேவை என்பதை யார் முடிவு செய்வது? தானாக மெதுவாக மூடும் கீல் தேவை என்று அவர் நினைப்பார், சாதாரணக் கீல் போதும் என்று நீங்கள் விலை போட்டிருப்பீர்கள். உள்விளக்கு, கதவுக்குப் பின்னால் கண்ணாடி, பூட்டு, இழுக்கும் வகை உடைத்தண்டு எல்லாமே ஒருவருக்குத் தேவையானவைதாம். "நல்ல தரம்" என்பதும் இதே வகை. பிளைவுட்டின் தரவகை, கீலின் வகை, கதவு ஒன்றுக்கு எத்தனை கீல் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். 2400 உயரமுள்ள கதவுக்கு இரண்டு கீல் போதாது, நாலோ ஐந்தோ வேண்டும். ஆறு கதவுகளுக்கு அது எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்குத் தெரியும்.

வேலையின் எல்லையைச் சொற்களால் வரைவதைவிட வரைபடத்தால் வரைவது நல்லது. முகப்பு ஒன்று, கதவுகளைக் கழற்றிவிட்டுப் பார்க்கும் உட்புறம் ஒன்று, குறுக்குவெட்டு ஒன்று. அதில் எண்ணும் தேதியும் போடுங்கள். விலைப்புள்ளியில் "இன்ன எண், இன்ன தேதியிட்ட வரைபடத்தில் காட்டியவை மட்டும்" என்று ஒரு வாக்கியம் எழுதினால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. உட்புற வரைபடத்தை விட்டுவிடுபவர்கள் பலர், தகராறு வருவது பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்தது, சேராதவை என்ன என்பது. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பட்டியல் போட வேண்டாம். இந்த அறைக்குள் நுழைந்து நின்று பார்த்தால் அலமாரியோடு சேர்த்துக் கேட்கக்கூடியவை எவை என்று நினைத்துப் பாருங்கள். பழைய அலமாரியைக் கழற்றி அகற்றுவது, சுவரில் இருக்கும் சுவிட்சுப் பெட்டியை இடம் மாற்றுவது, பொருத்திய பின் சுவரின் ஓரத்துக்கு வண்ணம் பூசுவது, ஈரக்கசிவைச் சரிசெய்வது. சுவர் முழுவதையும் மூடும் அலமாரியில் சுவிட்சுப் பெட்டி கட்டாயம் குறுக்கே வரும். அதை மின்பணியாளர் மாற்றித் தரும் வரை நீங்கள் பொருத்த முடியாது, பொருத்தாத வரை கடைசித் தவணையும் வராது. அது யார் வேலை, எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று எழுதுங்கள்.

கடைசியாக, உங்கள் விலை எதை நம்பிப் போடப்பட்டது என்பது. சுவர் செங்குத்தாக இருக்கிறது என்று நம்பி விலை போடுகிறோம். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் 2400 உயரத்தில் 20 மி.மீ. சாய்ந்திருக்கும். மேலே 2700 அகலம், கீழே 2680. 10 மி.மீ. வரையிலான சாய்வை ஓரப்பட்டி வைத்து மறைப்பது விலையில் அடங்கும், அதற்கு மேல் போனால் அளவைத் திருத்துவதற்குத் தனிக் கட்டணம் என்று எழுதலாம். ஆனால் கையெழுத்துக்கு முன்பே தூக்குக்குண்டு விட்டு அளவெடுத்திருந்தால் அந்த வரியே வேண்டியதில்லை. அளவு வாடிக்கையாளர் சொன்னதா, நீங்கள் எடுத்ததா என்பதையும் குறித்துவிடுங்கள்.

வண்ணத்தூரிகை

நான் மரவேலை செய்பவள் அல்லள், நிறுவனங்களுக்குச் சின்னங்களும் அட்டைப்படங்களும் வரைந்து தருகிறேன். எங்கள் துறையில் "இரண்டு திருத்தங்கள் இலவசம்" என்று எல்லோரும் எழுதுவார்கள், நானும் எழுதினேன். ஒரு வாடிக்கையாளர் ஒரே கடிதத்தில் பதினேழு குறிப்புகளை அனுப்பிவிட்டு, இது ஒரு திருத்தம் என்றார். அவருடைய கூட்டாளி மறுநாள் இன்னும் சிலவற்றை அனுப்பி, அதே திருத்தத்தின் தொடர்ச்சி என்றார். இப்போது எண்ணிக்கையை விட்டுவிட்டேன். ஒருவர் மட்டுமே குறிப்புகளைத் தொகுத்து அனுப்ப வேண்டும், வரைவைப் பெற்ற நான்கு நாட்களுக்குள் அனுப்ப வேண்டும், மூன்று மணி நேரத் திருத்த வேலை விலையில் அடங்கும், அதற்கு மேல் மணிக்கணக்கில் கட்டணம் என்று எழுதுகிறேன். வரைபடத்தைத் திருத்தும் கட்டத்துக்கு இது உங்களுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். கணவன் ஒன்று சொல்ல, மனைவி வேறொன்று சொல்ல, நீங்கள் இருவருக்கும் இடையில் நின்றுகொண்டிருப்பதைத் தவிர்க்கலாம்.

இழைப்புளி

வண்ணத்தூரிகை அவர்கள் சொன்னது மிகவும் பயனுள்ளது. இப்போது என் முன்னால் இருக்கும் உண்மையான நிலைமையையே கேட்டுவிடுகிறேன். சட்டகம் அம்மா சொன்னது போலவே, இடது பெட்டியில் இரண்டு தட்டுகளுக்குப் பதிலாக மூன்று டிராயர் வைக்கலாமா என்று வாடிக்கையாளர் இப்போதே யோசிக்கிறார், ஆனால் வேலை நடக்கும்போது பார்த்துச் சொல்கிறேன் என்கிறார். அப்படிச் சொல்பவருக்கு விலைப்புள்ளியில் எப்படி எழுதுவது?

பேரேடு

நான் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுபவன். இந்த ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டு எண்களைப் போட்டுப் பார்ப்போம். டிராயர்களின் பலகை, சேனல்கள் எல்லாம் சேர்த்து 3 ஆகும் என்று வைத்துக்கொள்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். 100 மணி நேரத்துக்குக் கூலி 20 என்றால் மணிக்கு 0.2. மூன்று டிராயர்களைச் செய்து பொருத்த 12 மணி நேரம் என்றால் 2.4. வரைபடத்தைத் திருத்த ஒரு மணி, 0.2. கூட்டினால் 5.6. உங்கள் மொத்தத்தில் நேரடிச் செலவு 88, பட்டறைச் செலவும் ஆதாயமும் 12; அதே விகிதத்தில் 5.6ஐ 0.88ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6.4 வருகிறது. பலகை வாங்கும் முன்பே கேட்டிருந்தால் இரண்டு தட்டுகளின் விலையைக் கழித்துக் கொடுக்கலாம். அது 0.8 என்றால், கட்டணம் ஏறக்குறைய 5.5. அறுத்த பிறகு கேட்டால் கழிவு இல்லை, தட்டுகளை வேண்டுமானால் வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடலாம்.

கழிவு என்ற இந்தப் பகுதியைப் பலர் எழுதுவதே இல்லை. கூட்டுவதற்கு மட்டும் விதி வைத்து, குறைப்பதற்கு விதி வைக்காத விலைப்புள்ளியைப் பார்த்தால் வாடிக்கையாளருக்கு ஐயம் வருவது இயல்பு.

சட்டகம்

பேரேடு ஐயாவின் கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது, அது அவர் குற்றம் அன்று, பட்டறைக்குள் நின்றால்தான் தெரியும். இந்த டிராயர்கள் கதவுக்குப் பின்னால் வருகின்றன. கதவைத் திறந்தாலும் கீலும் கதவின் விளிம்பும் உட்பக்கமாகச் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். டிராயரை இழுத்தால் அதில் இடிக்கும். அதனால் பெட்டியின் இரு பக்கமும் ஒரு பலகைத் துண்டு வைத்து டிராயரை உள்ளே தள்ள வேண்டும். பெட்டியின் வெளி அகலம் 900, இரு பக்கப் பலகையும் போனால் உள்ளே 864. இரு பக்கமும் 18 மி.மீ. துண்டு வைத்தால் 828. சேனலுக்குப் பக்கத்துக்கு 13 வீதம் 26 போனால் டிராயரின் வெளி அகலம் 802 மட்டுமே. கீலின் வகையைப் பொறுத்துத் துண்டு இன்னும் தடிமனாகவும் வேண்டியிருக்கலாம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "மூன்று டிராயர்" என்று கேட்பவர் 900 அகல டிராயரை மனத்தில் வைத்திருக்கிறார். கட்டணத்தை ஒப்புக்கொண்டு, வேலை முடிந்த பிறகு இது சிறியதாக இருக்கிறதே என்று சொன்னால், நீங்கள் எழுதிய மாற்றக் கட்டண விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. மாற்றத்துக்கு விலை சொல்லும்போது மாறிய வரைபடத்தையும் சேர்த்தே கொடுங்கள். அதற்குத்தான் அந்த ஒரு மணி நேரக் கூலி.

இன்னும் முடிவு செய்யாதவருக்கு நான் செய்வது இது. விலைப்புள்ளியின் கீழே "விருப்பத் தேர்வு" என்று ஒரு வரி வைத்து, டிராயர் வேண்டுமென்றால் பலகை வாங்குவதற்கு முன் சொன்னால் கூடுதல் 5.5, வேலை நாள் இரண்டு. அறுத்த பிறகு சொன்னால் 6.4, வேலை நாள் மூன்று என்று இரண்டு எண்களையும் இன்றைக்கே எழுதிவிடுவேன். பெட்டியை ஒட்டி முடித்து லாமினேட்டும் போட்ட பிறகு கேட்டால் எண் கிடையாது, அப்போதைய நிலையைப் பார்த்துத்தான் சொல்வேன் என்றும் எழுதுவேன். பெரும்பாலும் அவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டு அங்கேயே முடிவெடுத்துவிடுகிறார்கள்.

நேர்க்கோடு

இவ்வளவு கணக்கையும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் யார் உட்கார்ந்து போடுவது? இரு மடங்கு என்று எழுதிவிட்டால் கணக்கே வேண்டாம். மாற்றம் கேட்பவரால் பட்டறையின் நாள் வரிசையே குலைகிறது, அடுத்த வாடிக்கையாளரின் வேலை தள்ளிப்போகிறது. அதற்கு எங்கே விலை போட்டிருக்கிறீர்கள்?

பேரேடு

கடைசியில் கேட்டது நல்ல கேள்வி. நாள் வரிசை குலைவதற்கு 6.4இல் இடமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மாற்றம் ஒன்றுக்கு ஒரு சிறு நிலைத்தொகையை வைப்பவர்கள் இருக்கிறார்கள், முதல் மாற்றத்துக்கு மட்டும் அதை விட்டுக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இரு மடங்கு என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எதன் இரு மடங்கு? பரப்பளவின் படியா, பொருளின் படியா? ஒரு தட்டை வேண்டாம் என்று சொன்னால் அதற்கும் இரு மடங்கா? ஆன நட்டத்தோடு தொடர்பில்லாத தண்டத்தொகை போலத் தோன்றும் விதியை, வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் அப்படியே ஏற்காமல் குறைத்துவிடக்கூடும். மணிக்கூலியும் பொருள் விலையும் அதன் மேல் விகிதமும் என்று எழுதினால் யார் கேட்டாலும் கணக்கைக் காட்ட முடியும்.

நேர்க்கோடு

எதன் இரு மடங்கு என்பது எழுதப்பட வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நீதிமன்றம் வரை எந்த அலமாரியும் போய் நான் பார்த்ததில்லை. மாற்றத்தைத் தடுப்பதுதான் என் நோக்கம், அது நடக்கிறது.

வாடகைவீடு

தடுப்பது நோக்கம் என்றால் என்னைப் போன்றவர்கள் உங்களிடம் வரவே மாட்டோம். ஒன்று கேட்கிறேன். நான் மாற்றம் கேட்டு, நீங்கள் விலை சொல்லி, நான் வீட்டில் பேசி முடிவெடுக்க நாலு நாள் ஆகிறது என்றால், அந்த நாலு நாளும் வேலை நிற்குமா, நடக்குமா?

சட்டகம்

இதில் பட்டறைக்குப் பட்டறை வேறுபாடு உண்டு. மாற்றம் எழுத்தில் உறுதியாகும் வரை பழைய வரைபடப்படியே வேலை நடக்கும் என்பது என் விதி. கேட்டதும் நிறுத்தினால், முடிவு வராமலேயே பெட்டிகள் பட்டறையை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஆனால் நடத்தினால் ஒவ்வொரு நாளும் மாற்றத்தின் விலை ஏறுகிறது. நாலாவது நாள் நீங்கள் சரி என்று சொல்லும்போது நான் சொன்ன விலை செல்லாது. அதனால் மாற்றத்துக்குச் சொல்லும் விலை இரண்டு நாள் செல்லும், அந்த இரண்டு நாளும் அந்தப் பெட்டியை மட்டும் தொடாமல் மற்ற இரண்டையும் செய்வேன் என்று எழுதியிருக்கிறேன். மூன்று பெட்டிகள் தனித்தனியாக இருப்பதால் இது முடிகிறது. ஒரே தொகுப்பான வேலையில் எப்படிச் செய்வது என்பதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை.

வண்ணத்தூரிகை

நான் நிறுத்திவிடுவேன். என் வேலையில் இடத்தை அடைக்க எதுவும் இல்லை என்பதால் அது எளிது. ஆனால் நின்ற நாட்கள் முடிவுத் தேதியோடு கூடும் என்பதை எழுதியிருக்கிறேன்.

இழைப்புளி

எல்லோருக்கும் நன்றி. திருத்திய வரைவை இங்கே வைக்கிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

"இவ்விலை, எண் 1, இன்ன தேதியிட்ட வரைபடத்தின் மூன்று தாள்களிலும் காட்டியவற்றுக்கு மட்டும் உரியது. பிளைவுட், லாமினேட், கீல், சேனல் ஆகியவற்றின் வகையும் எண்ணிக்கையும் வரைபடத்திலேயே குறிக்கப்பட்டுள்ளன. அளவுகள் பட்டறையால் எடுக்கப்பட்டவை. பழைய அலமாரியை அகற்றுதல், சுவிட்சுப் பெட்டியை இடம் மாற்றுதல், சுவர் வண்ணம் ஆகியவை இவ்விலையில் சேரா. சுவிட்சுப் பெட்டி, பொருத்தும் தேதிக்கு மூன்று நாள் முன்பாக வாடிக்கையாளரால் மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

தவணைகள்: கையெழுத்தின்போது 10 விழுக்காடு, பொருள் வாங்கும் முன் 50, பட்டறையில் பார்வையிட்ட பின் ஏற்றும் முன் 30, பொருத்தி முடித்ததும் 10. பொருள் வாங்கிய ரசீதின் நகல் ஐந்து நாட்களுக்குள் அனுப்பப்படும். இடையில் விலகினால், அதுவரை ஆன கூலியும் கடை திரும்ப ஏற்காத பொருளின் விலையும் கழித்து மீதி திருப்பித் தரப்படும், அப்பொருள் வாடிக்கையாளருக்குரியது.

வரைபடத் திருத்தம் மூன்று மணி நேரம் வரை விலையில் அடங்கும். கையெழுத்துக்குப் பிறகு கேட்கப்படும் மாற்றத்துக்குத் திருத்திய வரைபடமும், கூடுதல் அல்லது கழிவுத் தொகையும், கூடும் நாட்களும் எழுத்தில் தரப்படும். அது இரண்டு நாட்கள் செல்லும். எழுத்தில் ஒப்புதல் வரும் வரை வேலை முந்தைய வரைபடப்படி நடைபெறும். இவ்விலைப்புள்ளி 15 நாட்கள் செல்லும்."

இதன் கீழே டிராயருக்கான விருப்பத் தேர்வு வரியைத் துண்டு வைப்பதற்கான செலவையும் சேர்த்து எழுதப் போகிறேன்.

வாடகைவீடு

இப்படி ஒன்று என்னிடம் வந்தால் 50 என்பதைப் பற்றி மட்டும் பேரம் பேசுவேன், மற்றதில் கையெழுத்திடுவேன். பொருத்தி முடித்ததும் 10 என்கிறீர்கள். முடிந்தது என்று யார் சொல்வது? ஒரு கதவு உராய்ந்தால் நான் 10 முழுவதையும் நிறுத்தி வைக்கலாமா?

சட்டகம்

அது விடுபட்டுத்தான் போயிருக்கிறது. பொருத்திய அன்றே இருவரும் சேர்ந்து ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்த்து, குறைகளை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும், அந்தத் தாளில் உள்ளவை சரியானதும் கடைசித் தவணை முழுவதும் கொடுக்கப்பட வேண்டும் என்று சேருங்கள். துணிகளை அடுக்கிப் புழங்கத் தொடங்கிவிட்டால் ஒப்படைப்பு நடந்ததாகக் கொள்ளப்படும் என்பதும் வேண்டும். அதன் பிறகு வரும் கீறலுக்கு நீங்கள் பொறுப்பேற்க முடியாது. ஆனால் கீல் தளர்ந்து கதவு இறங்குவது சில வாரங்கள் கழித்துத்தான் தெரியும். அதற்கு ஒருமுறை இலவசமாக வந்து சரிசெய்து தருவதாகத் தனியே எழுதுங்கள், 10இல் சேர்க்காதீர்கள்.

இழைப்புளி

சேர்த்துவிட்டேன், அம்மா. நாளை தூக்குக்குண்டுடன் அந்த அறைக்குப் போய் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில் அகலத்தை அளந்துவிட்டு, அதன் பிறகே வரைபடத்தில் எண்ணும் தேதியும் போடுகிறேன்.